மோட்டார் யார் பொறுப்பில் இருந்தது? ஒரு வைண்டிங் கடை, ஒரு வெள்ளம், ஒப்படைப்புச் சட்டம்

இது கோர்ட்டில் நடந்த வழக்கு அல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ல் 148 முதல் 181 வரையுள்ள பிரிவுகளைப் புரிந்துகொள்வதற்காக நான் கட்டிய நிகழ்வு. வெள்ளம் மட்டும் நிஜம். கீழே நான் சொல்லும் தீர்ப்புகளும் நிஜம்.

மானூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். கிணற்றுப் பாசனம், கத்தரியும் வெண்டையும் போட்டிருக்கிறார். அவருடைய 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டார், ஒரு பேஸ் போன நிலையில் ஓடிக் காயில் கருகிவிட்டது. 2023 நவம்பர் 20, திங்கட்கிழமை, மோட்டாரைக் குட்டியானையில் ஏற்றித் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தாழ்வான தெரு ஒன்றில் உள்ள வைண்டிங் கடையில் இறக்குகிறார். கூலி, காப்பர் வயர், பேரிங், சீல் எல்லாம் சேர்த்து ₹6,500 என்று பேச்சு. அட்வான்ஸ் ₹1,000. கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் "5 எச்.பி. மோனோ, ரீவைண்டிங், 30.11" என்று எழுதித் தருகிறார்.

"வர்ற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் வாங்க அண்ணாச்சி, கண்டிப்பா தந்திருதேன்."

நவம்பர் 30 வியாழக்கிழமை. விவசாயி போகிறார். மோட்டார் பிரித்துப் போட்டபடியே கிடக்கிறது.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குன்னுதான சொன்னீய?"

"காப்பர் வயர் வரல அண்ணாச்சி. அடுத்த வாரம் ஒம்பதாம் தேதி வாங்க, முடிச்சு வச்சிருதேன்."

சரி என்று திரும்புகிறார். 9ஆம் தேதி போனால், காயில் இறக்கியாகிவிட்டது, வார்னிஷ் காயவேண்டும் என்கிறார்கள். அதன்பின் இரண்டு முறை வாட்ஸ்அப்பில் "மோட்டார் என்னாச்சு அண்ணாச்சி" என்று கேட்டிருக்கிறார். முதல் செய்திக்குப் பதிலே இல்லை. இரண்டாவதற்கு, "ரெண்டு நாள்" என்று பதில். டிசம்பர் 16ஆம் தேதி மோட்டார் முழுசாக முடிந்து, கடைத் தரையில் வந்து உட்கார்ந்தது. விவசாயிக்குத் தகவல் சொல்லவில்லை.

டிசம்பர் 17 ஞாயிறு. அந்த நாளை இந்தப் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே தண்ணீரில் நின்றது. நம் கடைக்காரர் ஞாயிறு பிற்பகல் மகனோடு கடைக்கு வந்தார். காப்பர் வயர் சுருள்கள், காயில் சுற்றும் மெஷின், இன்சுலேஷன் சோதிக்கும் மெகர், கணக்கு நோட்டு எல்லாவற்றையும் பரண் மேல் ஏற்றினார். வாடிக்கையாளர்களின் ஆறு மோட்டார்கள் தரையில் கிடந்தன. ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார். தண்ணீர் கடைக்குள் இடுப்பளவு ஏறி, இரண்டு நாள் நின்று, சேற்றை விட்டுவிட்டு வடிந்தது.

இப்போது மோட்டாருக்குள் சேறு. மெகர் வைத்துப் பார்த்தால் இன்சுலேஷன் ஜீரோ. புது வைண்டிங் போய்விட்டது, பேரிங்கும் போய்விட்டது. கடைக்காரர் சொல்வது: "கடவுள் செயல், நான் என்ன செய்ய முடியும்? கூலியைத் தந்துட்டு எடுத்துட்டுப் போங்க." விவசாயி சொல்வது: "கொடுத்த பொருள் உங்க கையில. நீங்கதான் பொறுப்பு." இரண்டு பேர் சொல்வதுமே அரைகுறைச் சட்டம்.

கையில் இருந்ததா, இல்லையா

ஒரு பொருளை ஒரு காரியத்துக்காக ஒருவரிடம் கொடுத்து, காரியம் முடிந்ததும் அதையே திருப்பித் தரவேண்டும், அல்லது சொன்னபடி செய்யவேண்டும் என்ற பேச்சு இருந்தால் அது ஒப்படைப்பு, அதாவது பெய்ல்மென்ட். 148ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான். சொத்து உரிமை மாறுவதில்லை. பொருள் கைவசம் மட்டும் மாறுகிறது. கைவசம் மாறவில்லை என்றால் ஒப்படைப்பே கிடையாது.

நம் ஊரில் இதற்கு எதிர்ப்பக்கமும் நடக்கும். பல நேரம் வைண்டிங்காரர் தோட்டத்துக்கே வந்து, பம்புசெட் அறையில் மோட்டாரைப் பிரித்து வேலை செய்வார். சாயந்திரம் போகும்போது பாதி பிரித்த மோட்டாரை விட்டுவிட்டுப் போவார். அறைச் சாவி விவசாயி மடியில். ராத்திரி யாராவது காயிலை அறுத்துக்கொண்டு போனால் வைண்டிங்காரர் பொறுப்பாக மாட்டார். பொருள் அவரிடம் ஒப்படைக்கப்படவே இல்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தில் இதே மாதிரி ஒரு வழக்கு உண்டு. 1938ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் காளியப்பெருமாள் பிள்ளை எதிர் விசாலாட்சுமி என்று இருக்கும். ஓர் அம்மாள் பழைய நகையை அழித்துப் புது நகை செய்ய ஆசாரியிடம் கொடுத்தார். தினமும் சாயந்திரம் பாதி செய்த நகைகளை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைத் தானே எடுத்துக்கொண்டு போவார். பெட்டி மட்டும் ஆசாரி வீட்டிலேயே இருக்கும். ஒரு ராத்திரி நகைகள் திருடுபோயின. பெட்டி எங்கே இருந்தது என்பதைக் கோர்ட் பொருட்படுத்தவில்லை. சாயந்திரம் நகையைத் திரும்ப வாங்கிக்கொண்ட நிமிஷமே ஒப்படைப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டது.

நம் மோட்டார் அப்படி இல்லை. கடை ஷட்டர், கடைச் சாவி, கடைத் தரை எல்லாம் கடைக்காரருடையவை. ஒப்படைப்பு உண்டு.

பரணும் தரையும்

வாங்கி வைத்தவர் எவ்வளவு கவனம் எடுக்கவேண்டும்? 151ஆம் பிரிவு சொல்லும் அளவு: அதே சூழ்நிலையில், அதே பருமனும் தரமும் மதிப்பும் உள்ள தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதன் எப்படிப் பார்த்துக்கொள்வானோ, அவ்வளவு. கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்த அளவு ஒன்றுதான். அந்தக் கவனத்தை எடுத்தும் பொருள் போய்விட்டால் பொறுப்பில்லை, தனியாக வேறு ஒப்பந்தம் இருந்தாலொழிய. இது 152ஆம் பிரிவு.

ஆக, "உங்க கையில இருந்துச்சு, நீங்கதான் பொறுப்பு" என்பது சட்டம் இல்லை. வாங்கி வைத்தவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி இல்லை. அதேபோல, வெள்ளம் வந்தது என்று சொல்வதோடு கடைக்காரர் தப்பவும் முடியாது. வெள்ளம் வருகிறது என்று தெரிந்தபின் அவர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

இங்கே பரண் விஷயம் முக்கியமாகிறது. தன் வயர் சுருளையும் மெஷினையும் மேலே ஏற்றியவருக்குத் தண்ணீர் வரும் என்று தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் இதை வைத்து அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. சட்டத்தில் "அதே பருமன்" என்று ஒரு சொல் இருக்கிறது. வயர் சுருள் சில கிலோ. இந்த மோட்டார் அறுபது கிலோ. அப்பாவும் மகனும் சேர்ந்து அதைப் பரணில் ஏற்ற முடியாது, ஏற்றினால் பரண் தாங்காது. வேலை மேசை மேல் தூக்கி வைத்திருக்கலாம். ஆனால் தண்ணீர் இடுப்பளவு ஏறியது, மேசையும் மூழ்கியது. மேசையில் வைத்திருந்தாலும் மோட்டார் தப்பியிருக்காது என்றால், மேசையில் வைக்காத குறைக்கும் நஷ்டத்துக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. முழங்கால் அளவோடு தண்ணீர் நின்றிருந்தால் கதை வேறு.

இதையெல்லாம் யார் நிரூபிக்கவேண்டும்? கடைக்காரர்தான். நல்ல நிலையில் ஒப்படைத்தேன், திரும்ப வரவில்லை, அல்லது கெட்டு வந்தது என்று காட்டுவதோடு கொடுத்தவர் வேலை முடிந்தது. உள்ளே என்ன நடந்தது என்பது வாங்கி வைத்தவருக்கு மட்டுமே தெரியும் என்பதால் சுமை அவர் தலையில் விழுகிறது. மலேசியத் துறைமுகத்தில் மருந்துப் பெட்டிகள் காணாமல் போன போர்ட் ஸ்வெட்டன்ஹாம் வழக்கில் 1978ல் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் இப்படித்தான் சொன்னது. அங்குள்ள சட்டமும் நம் 1872ஆம் வருடச் சட்டத்தின் வார்ப்புதான். கடைச் சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் போட்டோ எடுத்து வைத்த கடைக்காரர் புத்திசாலி. சேற்றைக் கழுவும் அவசரத்தில் சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டவர், தன் சாட்சியைத் தானே அழித்துக்கொண்டார்.

சீட்டின் பின்பக்கத்தில் "பொருட்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருந்தால்? அந்த வரிக்கு மரியாதை குறைந்துகொண்டே வருகிறது. டெல்லியில் தாஜ்மஹால் ஹோட்டலில் ஒரு விருந்தினர் காரைப் பார்க்கிங் ஆளிடம் கொடுத்தார். கார் களவு போனது. டோக்கனில் "உரிமையாளர் பொறுப்பில்" என்று அச்சடித்திருந்தது. 2019ல் உச்ச நீதிமன்றம், ஹோட்டல் தன் கவனக்குறைவுக்கும் தன் வேலையாட்களின் கவனக்குறைவுக்கும் அந்த வரியைக் காட்டித் தப்ப முடியாது என்று சொன்னது. தீர்ப்பு ஹோட்டலைப் பற்றியதுதான். வைண்டிங் கடையைப் பற்றியதல்ல. ஆனாலும் சீட்டு வரியை மட்டும் நம்பி இருக்கும் கடைக்காரருக்கு அதைப் படித்துக் காட்டினால் முகம் மாறும்.

தேதி

இதுவரை பார்த்தால் கடைக்காரர் தப்பிக்கக்கூடும் என்றே தோன்றும். அறுபது கிலோ மோட்டார், இடுப்பளவு தண்ணீர், வரலாறு காணாத மழை. ஆனால் இந்த வழக்கு பரணில் இல்லை. துண்டுச் சீட்டில் இருக்கும் "30.11"ல் இருக்கிறது.

160ஆம் பிரிவின்படி காலம் முடிந்ததும், அல்லது காரியம் முடிந்ததும், கேட்காமலேயே பொருளைத் திருப்பித் தரவேண்டும். ரிப்பேர் கடையில் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது வழக்கமில்லை. வேலையை முடித்து, "வந்து எடுத்துக்கிடுங்க" என்று சொல்வதே போதும். 161ஆம் பிரிவு அதற்கு அடுத்த அடி: வாங்கி வைத்தவரின் தவறால் உரிய நேரத்தில் பொருள் திரும்பவில்லை என்றால், அந்த நேரத்திலிருந்து பொருளுக்கு ஏற்படும் எந்த நஷ்டத்துக்கும், அழிவுக்கும், கேட்டுக்கும் அவரே பொறுப்பு. இந்தப் பிரிவில் கவனம் பற்றிய பேச்சே இல்லை. கெடு தாண்டிவிட்டால் 152ஆம் பிரிவு தரும் குடை மடங்கிவிடுகிறது. மின்னல் விழுந்தாலும் சரி, ஆறு வந்தாலும் சரி.

இங்கிலாந்தில் 1917ல் ஷா எதிர் சைமன்ஸ் என்றொரு வழக்கு. புத்தகங்களைப் பைண்டு செய்யக் கொடுத்தார்கள். பைண்டிங்காரர் நியாயமான காலத்தில் தரவில்லை. அப்புறம் கடையில் தீ, புத்தகங்கள் எரிந்தன. தீக்கு அவர் காரணமில்லை, கவனக்குறைவும் இல்லை. ஆனாலும் நஷ்டம் அவர் தலையில் விழுந்தது. நேரத்துக்குக் கொடுத்திருந்தால் தீப்பிடித்த அன்று அவை அந்தக் கட்டடத்திலேயே இருந்திருக்காது.

நம் மோட்டாரும் 30ஆம் தேதி போயிருந்தால், 17ஆம் தேதி ராத்திரி மானூர்ப் பக்கம் மேட்டுக் கிணற்றின் பம்புசெட் அறையில் இருந்திருக்கும்.

கடைக்காரரின் வக்கீல் இங்கே ஒரு வாதம் வைப்பார், நல்ல வாதம்தான். 30ஆம் தேதி விவசாயி "சரி" என்று சொல்லிவிட்டுத்தானே போனார்? அது கெடுவை நீட்டிக்கொடுத்தது ஆகாதா? ஆகும். கெடு 9ஆம் தேதிக்கு நகர்ந்தது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் 9ஆம் தேதியும் தாண்டிவிட்டது. அதன்பின் விவசாயி புதுக் கெடு எதையும் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அந்த இரண்டு செய்திகள் இந்த வழக்கில் சீட்டுக்கு அடுத்த சாட்சி. ஒருவேளை 9ஆம் தேதி அவர், "பரவாயில்ல அண்ணாச்சி, இப்ப மழைதான, இருபதாம் தேதிக்கு மேல எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லியிருந்தால் 161ஆம் பிரிவு கைநழுவிவிடும். வழக்கு மறுபடியும் பரணுக்கும் தரைக்கும் போய்விடும்.

16ஆம் தேதி வேலை முடிந்ததே, தவறு அதோடு தீர்ந்ததாகாதா என்றும் கேட்பார்கள். தகவல் சொல்லவில்லையே. சொல்லியிருந்தாலும் மறுநாளே வண்டி பிடித்து வந்து எடுக்க விவசாயிக்கு நியாயமான அவகாசம் வேண்டும்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் நவம்பர் 28லேயே தயார். கடைக்காரர் போன் செய்து சொல்லிவிட்டார். கையில் பணம் இல்லாததால் விவசாயி வரவில்லை. அப்புறம் வெள்ளம். இப்போது பொருள் திரும்பாததற்குக் கடைக்காரரின் தவறு காரணமில்லை. 161 அவரைத் தொடாது. சாதாரண விவேகமுள்ள மனிதனின் கவனம் இருந்ததா என்பது மட்டுமே கேள்வி. அதே மோட்டார், அதே தரை, அதே தண்ணீர். முடிவு எதிர்.

நஷ்டத்தை எப்படிக் கணக்கிடுவது? மோட்டாரின் இரும்பு உடம்பு கெடவில்லை. பிரித்து, கழுவி, காயவைத்து, வைண்டிங்கும் பேரிங்கும் மறுபடி போடவேண்டும். கடைக்காரர் அதைத் தன் செலவில் செய்து கொடுத்தால், விவசாயி பேசிய மீதி ₹5,500 கொடுக்கவேண்டியவரே. மோட்டாரே வெள்ளத்தில் போய்விட்டது என்று வைத்தால், புது வைண்டிங்கோடு அதன் மதிப்பு ₹14,000 என்போம். அதில் தராத கூலி ₹5,500 போக, ₹8,500 கடைக்காரர் தரவேண்டும். வேறு வழியாகப் போட்டாலும் அதே தொகைதான்: கருகிய நிலையில் மோட்டார் மதிப்பு ₹7,500, அட்வான்ஸ் ₹1,000. தோட்டம் காய்ந்ததற்கு நஷ்டஈடு கேட்பது தனிக் கதை. அதற்கு, ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக வரும் நஷ்டத்தைப் பேசும் 73ஆம் பிரிவு வேண்டும். டிசம்பர் மூன்றாம் வாரம் தண்ணீர் இல்லாமல் பயிர் காய்ந்தது என்று அந்த வருஷம் திருநெல்வேலியில் யாராவது மனுப் போட்டால் நீதிபதியே சிரித்துவிடுவார். டிசம்பர் 9க்கும் வெள்ளத்துக்கும் நடுவில் வாடகை மோட்டார் வைத்து இறைத்த செலவுக்கு ரசீது இருந்தால் அதைக் கேட்கலாம்.

கருகின காப்பர்

யாரும் கேட்காத ஒரு விஷயம். பழைய காயிலை வெட்டி எடுத்தால் கருகின செம்புக் கம்பி வரும். நம் மோட்டாரில் மூன்றரை கிலோ என்று வைத்துக்கொண்டு, காயலான் கடையில் கிலோ ₹600 போட்டால் ₹2,100 ஆகிறது. மொத்தக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு. இது யாருடையது? விவசாயியுடையது. அவர் கொடுத்த பொருளின் ஒரு பகுதி அது. நல்ல கடைகளில் பில்லில் அதைக் கழித்துக்கொள்வார்கள், அல்லது "பழைய காப்பர் எங்களுக்கு" என்று முன்னாடியே பேசிக்கொண்டு கூலியைக் குறைத்துச் சொல்வார்கள். இரண்டும் சரி, பொருளை எப்படிச் செய்யவேண்டும் என்று கொடுத்தவர் சொன்னபடி ஆகிறது. பேசாமல் கொள்ளாமல் எடுத்துப் போட்டுவிடுவதுதான் தப்பு. நம் நிகழ்வில் அதைப் பற்றி எந்தப் பேச்சும் இல்லை என்றால், ₹5,500ல் ₹2,100 கழித்து ₹3,400தான் பாக்கி என்று விவசாயி வாதாடலாம். ஒரு கடையில் "வழக்கம்" என்று சொல்வதைக் கோர்ட் ஏற்கவேண்டுமானால், அந்த வழக்கம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று என்று காட்டவேண்டும்.

பணம் தந்தால்தான் மோட்டார்

வெள்ளத்தை மறந்துவிடுவோம். மோட்டார் நல்லபடி முடிந்துவிட்டது. விவசாயி கையில் பணம் இல்லை. கூலி வரும்வரை கடைக்காரர் மோட்டாரைப் பிடித்து வைக்கலாமா? வைக்கலாம். அந்தப் பொருளின் மேல் உழைப்போ திறமையோ செலவழித்தவருக்கு அதற்கான கூலி வரும்வரை அதைப் பிடித்துவைக்க உரிமை உண்டு என்கிறது 170ஆம் பிரிவு. பற்றுரிமை, லியன் என்பார்கள். "பொங்கல் கழிச்சு தாங்க, பரவாயில்ல" என்று கடைக்காரர் கடன் சொல்லியிருந்தால் இந்த உரிமை இல்லை. சட்டமே தையல்காரர் உதாரணம் ஒன்றைத் தருகிறது: மூன்று மாதத் தவணை கொடுத்த தையல்காரர் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது.

இந்தப் பிடிக்கு எல்லை உண்டு. போன வருஷம் ஸ்டார்ட்டர் ரிப்பேர் செய்த ₹1,800 பாக்கி இருக்கிறது, அதையும் சேர்த்துத் தந்தால்தான் மோட்டார் என்று கடைக்காரர் சொல்ல முடியாது. அந்தப் பாக்கி ஸ்டார்ட்டரைப் பற்றியது. ஸ்டார்ட்டர் என்றோ போய்விட்டது. எல்லாப் பாக்கிக்கும் சேர்த்துப் பிடிக்கும் உரிமை வங்கி, கமிஷன் ஏஜென்ட், துறைமுகக் கிட்டங்கிக்காரர், உயர் நீதிமன்ற வக்கீல், இன்ஷூரன்ஸ் பாலிசி தரகர் ஆகியோருக்குத்தான் 171ஆம் பிரிவில் இருக்கிறது. ரிப்பேர்க் கடைக்கு இல்லை. வெளிப்படையாக அப்படி ஒப்பந்தம் போட்டிருந்தால் வேறு. பிடித்து வைத்திருந்த நாளுக்கு இடவாடகை கேட்பதும் முடியாது. தன் பிடியைக் காப்பாற்றத் தானே வைத்திருக்கும் பொருளுக்கு அதைக் கொடுத்தவர் ஏன் வாடகை தரவேண்டும் என்று இங்கிலாந்தில் 1860லேயே ஒரு கப்பல் ரிப்பேர் வழக்கில் முடிவாகிவிட்டது. மோட்டாரை ஒரு தடவை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டால் பிடியும் போயிற்று.

இன்னொன்று, கடைக்காரர்கள் அடிக்கடி சறுக்குவது இதில்தான். பிடித்து வைக்கலாம், விற்க முடியாது. "ஆறு மாசமா யாரும் வரல, காயலான் கடைக்குப் போட்டுட்டேன்" என்பது இந்த உரிமைக்குள் அடங்காது. கூலிக்கு வழக்குப் போடலாம், நோட்டீஸ் விடலாம். ஆனால் மோட்டார் விவசாயியுடையதுதான்.

நாலாயிரம் ரூபாயும் அதே மோட்டாரும்

இப்போது கடைசி மாற்றம். மோட்டார் தயாராகிக் கடையில் இருக்கிறது. விவசாயி வந்து சொல்கிறார்:

"மோட்டார் இங்கனயே கெடக்கட்டும் அண்ணாச்சி. ஒரு நாலாயிரம் தாங்க, உரத்துக்குக் கொடுக்கணும். கூலியையும் சேத்து பங்குனிக்குள்ள மொத்தமா தந்து மீட்டுக்கிடுதேன்."

கடைக்காரர் நாலாயிரம் எடுத்துக் கொடுக்கிறார், நூற்றுக்கு இரண்டு வட்டி. மோட்டார் இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் சட்டத்தில் அதன் நிலை மாறிவிட்டது. கடனுக்கு ஈடாக வைத்த ஒப்படைப்பு அடகு. அது 172ஆம் பிரிவு. பொருள் ஏற்கெனவே கைவசம் இருப்பதால் மறுபடி கொடுத்து வாங்கவேண்டிய சடங்கு இல்லை. (கடைக்காரர் ஒருமுறை இப்படிக் கொடுத்ததால் அடகுக்கடைக்காரர் ஆகிவிட மாட்டார். இதையே தொழிலாகச் செய்தால் தமிழ்நாட்டின் 1943ஆம் வருட அடகுக்கடைச் சட்டம் குறுக்கே வரும்.)

மாறியது என்ன? விற்கும் உரிமை வந்துவிட்டது. கெடு தாண்டினால் கடனுக்கு வழக்குப் போட்டுக்கொண்டு மோட்டாரை ஈடாக வைத்திருக்கலாம்; அல்லது விற்பதாக நியாயமான அவகாசத்தோடு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விற்கலாம் என்கிறது 176. "பணத்தைக் கட்டுங்கள்" என்று எழுதினால் போதாது; "கட்டாவிட்டால் விற்கப்போகிறேன்" என்று இருக்கவேண்டும். இந்த அறிவிப்பே வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வாங்கினாலும் கோர்ட்டுகள் ஏற்பதில்லை.

கணக்கைப் பார்ப்போம். மோட்டார் இரண்டு தொகைக்கும் ஈடு. மூன்று மாதம் கழித்து ₹4,000க்கு வட்டி ₹240, கூலி ₹5,500, மொத்தம் ₹9,740. மோட்டார் ₹13,000க்கு விற்றால் மிச்சம் ₹3,260 விவசாயிக்குத் திருப்பித் தரவேண்டும். ₹8,000க்குத்தான் போனது என்றால் குறையும் ₹1,740ஐ விவசாயி தரவேண்டும். பழைய ஸ்டார்ட்டர் பாக்கியை இதிலும் நுழைக்க முடியாது. 174ஆம் பிரிவு தடுக்கிறது.

"பங்குனி தாண்டினா மோட்டார் எனக்கு" என்று எழுதி வாங்கினால்? செல்லாது. அடகு பிடித்தவர் தனக்கே விற்றுக்கொள்வதும் விற்பனை ஆகாது. 2022ல் பிடிசி இந்தியா பைனான்ஷியல் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உண்மையில் விற்று முடிக்கும் நிமிஷம் வரை, கெடு தாண்டினாலும், பணத்தோடு வந்து மீட்கும் உரிமை விவசாயிக்கு 177ஆம் பிரிவில் இருக்கிறது. கெடு தாண்டியதால் ஆன செலவைச் சேர்த்துத் தரவேண்டும், அவ்வளவுதான்.

அடகு பிடித்தாலும் அவர் வாங்கி வைத்தவர்தான். 151ஆம் பிரிவின் கவனம் அப்படியே தொடர்கிறது. பணத்தோடு வந்தவரிடம் பொருளைக் காட்ட முடியாத அடகுக்காரர், கடனையும் கேட்க முடியாது. லல்லன் பிரசாத் எதிர் ரஹ்மத் அலி, 1967: விமான உதிரிப் பழைய இரும்பை ஈடாக வாங்கிவிட்டுத் திருப்பித் தர இயலாமல் நின்றவருக்குக் கடன் தொகைக்குத் தீர்ப்பாணை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் முடித்தது.

கடைக்காரர் வாடிக்கையாளரின் மோட்டாரை எடுத்துப் போய்த் தன் கடனுக்கு இன்னொருவரிடம் அடகு வைப்பதும் நடப்பதுண்டு. அவர், உரிமையாளருக்காகப் பொருளை விற்கவோ அடகு வைக்கவோ அமர்த்தப்பட்ட வியாபார ஏஜென்ட் இல்லை. அப்படி வைக்க அவருக்கு அதிகாரமில்லை. 153ஆம் பிரிவில் ஒப்படைப்பை அங்கேயே முறித்துக்கொள்ளலாம். நம்பிக்கை மோசடி என்று போலீசுக்கும் போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடந்தது என்றால் பாரதிய நியாய சம்ஹிதையின் 316ஆம் பிரிவு, அதற்கு முந்தியது என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 406.

எங்கே போவது

₹8,500க்கு சிவில் கோர்ட் ஏறி இறங்குவது கட்டாது. ரிப்பேர் என்பது சேவை. விவசாயி தன் பிழைப்புக்கு மோட்டார் வைத்திருப்பவர், வியாபார நோக்கம் என்று தள்ள முடியாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட மனுவுக்குக் கட்டணம் இல்லை. குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் இல்லாமலும் நடத்தலாம். தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். பொருளையே திரும்பக் கேட்டு சிவில் வழக்கு என்றால், கேட்டு மறுத்த நாளிலிருந்து மூன்று வருடம். அதனால்தான் கடைக்காரரிடம் வாயால் பத்துத் தடவை கேட்பதைவிட, ஒரு தடவை ஸ்பீடு போஸ்ட்டில் கேட்டு, அந்த ரசீதைத் துண்டுச் சீட்டோடு பின் பண்ணி வைக்கச் சொல்கிறோம்.